ஜிமிக்கியின் நிறம் எங்கே தொலைகிறது?

ஒரே ஜோடி 22 காரட் ஜிமிக்கி. இணையக் கடையின் முதல் படத்தில் வெளிறிய எலுமிச்சை மஞ்சளாக இருக்கிறது. அதே பக்கத்தில், ஒரு பெண் காதில் அணிந்திருக்கும் படத்தில் செம்பு தூக்கலாகச் சிவந்து தெரிகிறது. வீட்டுக்கு வந்த பெட்டியைத் திறந்தால் இரண்டில் எதுவும் இல்லை. "படத்துல பார்த்த கலரே வேற" என்று நகை திரும்பிப் போகிறது. விற்றவர் ஏமாற்றியிருப்பார் என்று வாங்கியவர் நினைக்கிறார். பெரும்பாலும் அப்படி இல்லை. தங்கம் ஒளியிடம் நடந்துகொள்ளும் விதமே வேறு. அதைத் தெரிந்துகொள்ளாமல், சேலையைப் படமெடுப்பது போல நகையையும் படமெடுத்து, பிறகு கணினியில் மஞ்சளைக் கூட்டிக் குறைத்து மல்லுக்கட்டுவதால் வரும் வினை இது.

சேலைக்கு ஒரு நிறம் உண்டு. ஒளி நூலுக்குள் கொஞ்சம் நுழைந்து, சாயத்தில் பட்டுச் சிதறி, நிறமேறி எல்லாத் திசையிலும் வெளியே வருகிறது. அதனால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அரக்கு அரக்காகவே தெரியும். தங்கத்தில் ஒளி அப்படி உள்ளே போய்ச் சிதறி வருவதில்லை. உலோகத்தின் எலெக்ட்ரான்கள் ஒளியை மேற்பரப்பிலேயே திருப்பி அனுப்பிவிடுகின்றன. மெருகேற்றிய தங்கம் அடிப்படையில் ஒரு கண்ணாடி. ஆனால் வெள்ளியைப் போல எல்லா நிறத்தையும் சமமாகத் திருப்பும் கண்ணாடி அல்ல. சிவப்பு ஒளியைக் கிட்டத்தட்ட முழுவதும் திருப்பும். மஞ்சளிலும் பெரும்பகுதியைத் திருப்பும். நீலத்தில் பாதிக்கும் மேல் விழுங்கிவிடும்.

இந்தப் பாரபட்சத்துக்குக் காரணம் ஐன்ஸ்டைனின் சார்பியல் வரை போகிறது. தங்க அணுக்கருவில் 79 புரோட்டான்கள் இருக்கின்றன. அந்த இழுப்பில் உள்வட்ட எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் அதிகமான வேகத்தில் இயங்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு வேகத்தில் சார்பியல் விளைவுகள் தலைகாட்டுகின்றன. வெளிவட்டங்களின் ஆற்றல் நிலைகளும் இடம் பெயர்கின்றன. வெள்ளியில் ஓர் எலெக்ட்ரானை மேல்நிலைக்குத் தாவவைக்கப் புற ஊதா ஒளி வேண்டும். தங்கத்தில் அந்த இடைவெளி சுருங்கி, நீல ஒளியே போதும் என்றாகிவிடுகிறது. தாவலுக்குச் செலவான நீலம் திரும்பி வருவதில்லை. இந்த விளைவு இல்லாவிட்டால் தங்கமும் வெள்ளியைப் போல வெண்மையாகத்தான் இருந்திருக்கும்.

தங்கத்துக்குத் தன் மேனியிலிருந்து சிதறும் நிறம் இல்லை என்பதை ஸ்டூடியோவிலேயே சோதிக்கலாம். விளக்குக்கு முன்னால் ஒரு போலரைசர் தாள், லென்ஸுக்கு முன்னால் இன்னொன்று. இரண்டையும் ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பினால், மேற்பரப்பிலிருந்து நேராகத் தெறிக்கும் ஒளி கேமராவுக்குள் வராது. உள்ளே போய்ச் சிதறிவரும் ஒளி மட்டும் வரும். ஜிமிக்கியில் பதித்த கெம்புக் கல் அப்போதும் சிவப்பாகத் தெரியும். அதைப் பிடித்திருக்கும் தங்கம் கிட்டத்தட்டக் கறுத்துப்போகும்.

ஆகவே நகையைப் படமெடுப்பவர் தங்கத்துக்கு வெளிச்சம் போடுவதாக நினைக்கக் கூடாது. தங்கம் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ, அதற்கு வெளிச்சம் போட வேண்டும். வெள்ளைத் தாளைப் பார்க்கும் தங்கம் மஞ்சளாக இருக்கும். இருட்டைப் பார்க்கும் தங்கம் கறுப்பாக இருக்கும்.

சில எண்களைப் பார்த்துவிட்டால் மீதி எல்லாம் எளிது. கணினி வரைகலையில் சுத்தத் தங்கத்துக்கு வழக்கமாகப் பயன்படும் அளவு இது: விழும் ஒளியில் சிவப்பு முழுதும், பச்சை 76.6 சதவீதமும், நீலம் 33.6 சதவீதமும் திரும்பும். இதைத் திரையின் 0 முதல் 255 வரையிலான அளவுக்கு மாற்றினால் சிவப்பு 255, பச்சை 227, நீலம் 157 என்று வரும். இது வெளிர் மஞ்சள். பளபளப்பான தட்டை வளையல், வெள்ளைத் தாள் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் இந்த நிறம்தான் தெரியும். "தங்கம் இன்னும் அழுத்தமாக இருக்குமே" என்று தோன்றும். தோன்றுவதில் தப்பில்லை. அந்த அழுத்தம் வேறோர் இடத்திலிருந்து வருகிறது.

ஜிமிக்கியின் நகாசு வேலைக்குள் ஒளி ஒரு சுவரில் பட்டு, எதிர்ச் சுவரில் பட்டு, பிறகுதான் வெளியே வருகிறது. இரண்டு முறை தங்கத்தில் பட்டால், இரண்டு முறை நீலம் கழிகிறது. அப்போது நிறம் 255, 201, 94. மூன்று முறை பட்டால் 255, 179, 55, ஏறக்குறைய ஆரஞ்சு. ஒரே தங்கம், ஒரே விளக்கு. ஆனால் மேட்டில் வெளிர் மஞ்சள், பள்ளத்தில் செம்மஞ்சள். கோயில் நகைகளின் செதுக்கல் சாதாரணச் சங்கிலியைவிடச் சிவந்து தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கண் இந்த இரண்டையும் ஒருசேரப் பார்த்துத்தான் "தங்கம்" என்று முடிவு செய்கிறது. படத்தைத் திருத்துகிறவர் மேட்டையும் பள்ளத்தையும் ஒரே மஞ்சளாகச் சமன் செய்துவிட்டால், நகை பெயின்ட் அடித்த பொருளாகிவிடுகிறது. இணையப் பக்கங்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான்.

இப்போது ஜிமிக்கியையே எடுத்துக்கொள்வோம். படமெடுக்கக் கடினமான நகைகளில் ஒன்று அது. மேலே தோடு, அதன் கீழே வழுவழுப்பான குடை, விளிம்பில் கெம்பு வரிசை, அதற்கும் கீழே தொங்கும் சின்னஞ்சிறு உருண்டைகள். குடை வெளிப்புறமாக வளைந்திருப்பதால் அது அறை முழுவதையும் பார்க்கிறது: விளக்கு, கூரை, மேசை விளிம்பு, கேமரா, படமெடுப்பவரின் சட்டை.

கேமராவின் ஃபிளாஷை மட்டும் அடித்தால் குடையில் ஊசி முனையளவு வெள்ளைப் புள்ளி ஒன்று விழும். மீதி எல்லாம் கருகித் தெரியும். விளக்கு பலவீனமானது என்பதல்ல காரணம். அது சிறியது. குடையில் தெரியும் ஒளிப்பட்டை என்பது விளக்கின் பிம்பம். பட்டை அகலமாக வேண்டுமென்றால் விளக்கு அகலமாக வேண்டும். டிரேசிங் பேப்பரையோ பால் வெள்ளை அக்ரிலிக் தாளையோ குழல் போல வளைத்து ஜிமிக்கியைச் சுற்றி நிறுத்தி, வெளியிலிருந்து விளக்கைப் பாய்ச்சினால் அந்தத் தாளே பெரிய விளக்காகிவிடும்.

இங்கேதான் பலர் அடுத்த பள்ளத்தில் விழுகிறார்கள். சந்தையில் கிடைக்கும் வெள்ளைக் கூடாரப் பெட்டிக்குள் நகையை வைத்து, நாலா பக்கமும் விளக்குப் போடுகிறார்கள். தங்கம் இப்போது எங்கு பார்த்தாலும் வெள்ளையைத்தான் பார்க்கிறது. கரிய நிழல் போய்விட்டது. பளபளப்பும் கூடவே போய்விட்டது. ஏனென்றால் பளபளப்பு என்பது வெளிச்சத்தின் அளவில் இல்லை. பிரகாசமான பட்டைக்குப் பக்கத்திலேயே இருண்ட பட்டை வந்து, இரண்டும் சந்திக்கும் விளிம்பு கூர்மையாக இருந்தால்தான் கண் அதைப் பளபளப்பு என்று படிக்கும். எங்கும் சமமாக வெளுத்திருந்தால் மெருகு போடாத மேற்பரப்பு என்றுதான் படிக்கும்.

எனவே வெள்ளைக்குள் கறுப்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கறுப்பு சார்ட் பேப்பரில் விரல் அகலத்துக்கு இரண்டு கீற்றுகள் வெட்டி, குழலின் உட்புறத்தில், ஜிமிக்கிக்கு இடமும் வலமும் நிறுத்துங்கள். குடையின் இரு ஓரங்களிலும் இரண்டு கருங்கோடுகள் ஓடும்; தட்டையாகத் தெரிந்த குடை சட்டென்று உருண்டு நிற்கும். கீற்றை ஜிமிக்கிக்கு அருகே கொண்டுவந்தால் கோடு தடிக்கும், விலக்கினால் மெலியும். விளக்கைக் குழலுக்கு மிக அருகே வைத்தால் தாளின் நடுப்பகுதி மட்டும் பிரகாசித்து ஓரம் மெல்ல மங்கும். அந்த மங்கல்தான் குடையில் அழகான சரிவாக விழும். இந்த வேலையைப் பொறுமையாகச் செய்தால் பிறகு கணினியில் செய்ய மிகக் குறைவே இருக்கும்.

கேமராவின் பிம்பம் குடை நடுவில் கரும்புள்ளியாக விழுவதை முழுதும் தவிர்க்க முடியாது; சிறிதாக்கலாம். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் போட்டு விலகி நில்லுங்கள். கைப்பேசி என்றால் டெலிஃபோட்டோ லென்ஸுக்கு மாறி அதேபோல விலகி நில்லுங்கள். சாம்பல் அல்லது கறுப்புச் சட்டை அணிவது நல்லது. கீழே விரிக்கும் துணியும் குடையின் அடியில் தெரியும். அரக்கு வெல்வெட்டின் மேல் வைத்தால் அடிப்பக்கம் சிவக்கும். நீல வெல்வெட் வேறு விதத்தில் கெடுக்கும்: தங்கம் நீலத்தை விழுங்குவதால் அடிப்பக்கம் மந்தமாக இருண்டுவிடும். நிறத்தைச் சொல்ல வேண்டிய முதன்மைப் படத்துக்கு வெள்ளையோ சாம்பலோ தவிர வேறு துணி வேண்டாம்.

அடுத்தது விளக்கின் நிறம். நகைக்கடைகள் மஞ்சள் சாயல் விளக்கின் கீழ் தங்கத்தைக் காட்டுகின்றன. நம் கண்ணும் மூளையும் அந்தச் சாயலை ஓரளவு கழித்துக்கொள்கின்றன. கேமராவும் கழிக்கப் பார்க்கும், ஆனால் குழம்பும். சட்டகம் முழுவதும் மஞ்சளான பொருள் நிறைந்திருந்தால், அந்த மஞ்சள் நகையுடையதா விளக்குடையதா என்று தானியங்கி ஒயிட் பேலன்ஸுக்குத் தெரியாது. விளக்குடையது என்று முடிவு செய்து நீலத்தைக் கூட்டிவிடும். வெளிறிய பித்தளை நிறம் வருவதற்கு இது ஒரு வழி. ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ஜிமிக்கியின் ஒரு பக்கம் ஜன்னலைப் பார்க்கிறது, மறு பக்கம் டியூப்லைட்டைப் பார்க்கிறது, இரண்டுக்கும் இரண்டு நிறம். ஒரு பக்கத்தைச் சரி செய்தால் மறு பக்கம் கெடும். ஜன்னலை மூடி, அறை விளக்கை அணைத்து, ஒரே வகை விளக்கில் மட்டும் எடுப்பதைத் தவிர இதற்கு மருந்தில்லை.

எல்ஈடி வாங்கும்போது சிஆர்ஐ எண்ணைப் பார்க்கிறோம். 95-க்கு மேல் இருப்பது நல்லது. ஆனால் அந்தப் பொது எண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி மட்டுமே. அழுத்தமான சிவப்பு அந்தக் கணக்கில் இல்லை. அது R9 என்று தனியாகக் குறிக்கப்படுகிறது. தங்கத்தின் உயிர் சிவப்புப் பக்கத்தில் இருப்பதாலும், பக்கத்திலேயே கெம்பு இருப்பதாலும், R9 அளவைச் சொல்லும் விளக்கையே கேட்டு வாங்குங்கள். அதுவும் 90-ஐ ஒட்டி இருந்தால் நல்லது.

விளக்குகளை அமைத்த பிறகு ஜிமிக்கி இருக்கும் அதே இடத்தில் ஒரு கிரே கார்டை வைத்து ஒரு படம் எடுங்கள். ரா கோப்பாக எடுத்து, திருத்தும் மென்பொருளில் ஒயிட் பேலன்ஸ் டிராப்பரால் அந்தச் சாம்பலைத் தொட்டால் சிவப்பும் பச்சையும் நீலமும் சமமாகும். அதே அளவை அந்த அமர்வில் எடுத்த எல்லாப் படங்களுக்கும் போடுங்கள். விளக்கை நகர்த்தினாலோ துணியை மாற்றினாலோ மறுபடி ஒரு கிரே கார்டு படம் எடுங்கள். தங்கத்தைப் பார்த்து, "கொஞ்சம் மஞ்சளாக இருந்தால் நன்றாயிருக்கும்" என்று கண்ணால் ஒயிட் பேலன்ஸ் வைக்க வேண்டாம். திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கும் கண் அந்தச் சாயலுக்குப் பழகிவிடும்.

நிறம் தொலையும் பெரிய ஓட்டை ஒளியளவில், அதாவது எக்ஸ்போஷரில் இருக்கிறது. மேலே பார்த்த எண்களோடு இதை ஒட்டிப் பார்க்கலாம். ஜிமிக்கியின் பிரகாசமான பட்டை 255, 227, 157 என்று சரியாக விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அரை ஸ்டாப் ஒளியைக் கூட்டினால் என்ன ஆகும்? சிவப்பு ஏற்கெனவே உச்சியில் இருக்கிறது. அதற்கு மேல் போக இடமில்லை. பச்சை ஏறி அதுவும் 255-ஐ முட்டும். நீலம் 183 ஆகும். முடிவு 255, 255, 183. அதுதான் அந்த எலுமிச்சை மஞ்சள். இன்னும் அரை ஸ்டாப் கூட்டினால் 255, 255, 214. தங்கம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லாத வெளிறிய கிரீம் நிறம். ஒயிட் பேலன்ஸ் அப்பழுக்கில்லாமல் இருந்தாலும் இது நடக்கும். கேமராக்கள் ஒளியை மாற்றும் வளைவுகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால் எண்கள் கொஞ்சம் மாறும், நடப்பது இதுதான்.

இதைக் கண்டுபிடிக்க நல்ல சோதனை ஒன்று உண்டு. ஐடிராப்பரைப் பிரகாசமான பட்டையில் வையுங்கள். மஞ்சள் தங்கத்தில் சிவப்பு எப்போதும் பச்சையைவிடத் தெளிவாக அதிகமாக இருக்க வேண்டும். இரண்டும் சமமாக 255 என்று நின்றால் அந்த இடத்தின் நிறம் போய்விட்டது. ஜேபெக் கோப்பில் அதை இருட்டாக்கினாலும் திரும்பாது. சமமாகிப்போன சிவப்பும் பச்சையும் சேர்ந்து பச்சை தட்டிய மஞ்சளாகத்தான் இறங்கும். கேமராவில் வெள்ளைக் கோடாகத் தெரியும் பொது ஹிஸ்டோகிராம் இதைக் காட்டிக்கொடுக்காமல் போகலாம். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்துக்கொண்டு, சிவப்பு வலது ஓரத்தைத் தொடும் முன் நிறுத்துங்கள். கைப்பேசியில் நகையைத் தொட்டு அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் ஒளியையும் பூட்டிவிட்டு, ஒளியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். கல்லின் முனையிலும் உருண்டைகளின் உச்சியிலும் கண்ணைப் பறிக்கும் ஓரிரு புள்ளிகள் வெளுத்தால் பரவாயில்லை. அவை மினுக்கம். பட்டைகள் வெளுக்கக் கூடாது.

இந்த இடத்தில் இணையச் சந்தையின் விதி குறுக்கே வருகிறது. அமேசான் போன்ற தளங்கள் முதன்மைப் படத்தின் பின்னணி 255, 255, 255 என்று தூய வெள்ளையாக இருக்க வேண்டும் என்கின்றன. பின்னணி கொஞ்சம் சாம்பலாக வந்திருந்தால் என்ன செய்கிறார்கள்? படம் முழுவதற்கும் ஒயிட்ஸ் ஸ்லைடரை ஏற்றுகிறார்கள். பின்னணி வெளுக்கிறது, கூடவே தங்கப் பட்டைகளும் மேலே சொன்ன கணக்குப்படி எலுமிச்சையாகின்றன. ஒழுங்காக எடுத்த படம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த ஒரு இழுப்பில்தான். நகையை மாஸ்க் போட்டுப் பிரித்துவிட்டுப் பின்னணியை மட்டும் ஏற்றுங்கள். அல்லது படமெடுக்கும்போதே அடித்தாளுக்குக் கீழிருந்து தனி விளக்குப் போட்டு, பின்னணியை நகையைவிடப் பிரகாசமாக்குங்கள். ஆனால் பின்னணி அளவுமீறிப் பிரகாசித்தால் அந்த ஒளி ஜிமிக்கியின் மெல்லிய ஓரங்களைத் தின்றுவிடும். பின்னணி 255-ஐத் தொட்ட இடத்தோடு நிறுத்த வேண்டும்.

படம் சரியாக வந்துவிட்டது. பக்கத்தில் ஏற்றும்போது மறுபடி மாறுவதேன்? புதிய ஐபோன்கள் சாதாரண sRGB-ஐவிட அகலமான Display P3 என்ற நிறவெளியில் படத்தைச் சேமிக்கின்றன. எந்த நிறவெளி என்று சொல்லும் குறிப்பு கோப்புக்குள்ளேயே இருக்கும். சில தளங்கள் படத்தைச் சுருக்கும்போது அந்தக் குறிப்பைக் கழற்றி எறிந்துவிடும். எண்கள் அப்படியே இருக்க, உலாவி அவற்றை sRGB என்று எண்ணிப் படிக்கும்; தங்கம் வெளிறும். ஆகவே ஏற்றுமதி செய்யும்போதே sRGB-க்கு மாற்றிவிடுங்கள். மாற்றுவது வேறு, பெயரை மட்டும் ஒட்டுவது வேறு. ஃபோட்டோஷாப்பில் Convert to Profile என்பதே வேண்டியது. Assign Profile அல்ல.

இன்னொரு சேதம் சுருக்கத்தில் நடக்கிறது. ஜேபெக் கோப்பில் இடத்தை மிச்சப்படுத்த 4:2:0 என்ற முறையில் வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும், நிறத்தை நான்கு பிக்சலுக்கு ஒன்றாகவும் பதிவு செய்வது வழக்கம். முகத்தில் இது தெரியாது. கெம்பின் சிவப்பு தங்கத்தைத் தொடும் மெல்லிய விளிம்பில் சிவப்பு தங்கத்துக்குள் கசியும், கல்லின் ஓரம் மங்கும். 4:4:4 என்று சேமிக்க மென்பொருள் அனுமதித்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். தளமே பிறகு வெப்பி கோப்பாக மாற்றினால் அங்கே 4:2:0 மறுபடி வந்துவிடும், அதை நம்மால் தடுக்க முடியாது. தளம் கேட்கும் அளவுக்கு நாமே படத்தைச் சுருக்கி, சுருக்கிய பிறகு லேசாக ஷார்ப்பன் செய்து கொடுத்தால் சேதம் குறையும்.

இவ்வளவு செய்தும் வாங்குபவரின் கைப்பேசி "விவிட்" நிலையில் இருந்தாலோ, இரவு நேர மஞ்சள் திரை போட்டிருந்தாலோ நிறம் மாறித்தான் தெரியும். அதைத் திருத்த நம்மிடம் வழியில்லை. அதற்காகப் படத்தில் முன்கூட்டியே மஞ்சளைக் கூட்டுவது தவறு. சரியான திரை வைத்திருப்பவருக்கும் அது பொய்யாகிவிடும்.

கணினியில் தூசி துடைக்கலாம், கீறல் எடுக்கலாம், குடையில் விழுந்த லென்ஸின் பிம்பத்தை மங்கச் செய்யலாம். தங்கத்தின் சாயலை மட்டும் தனியாகத் தேர்ந்து நகர்த்தக் கூடாது. கேடலாக் முழுவதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எல்லா நகைக்கும் ஒரே தங்க கிரேடியன்டைப் போர்த்துகிறார்கள். 18 காரட்டில் நான்கில் ஒரு பங்கு வேறு உலோகம். செம்பு கூடினால் சிவக்கும், வெள்ளி கூடினால் பச்சைச் சாயல் தட்டி வெளுக்கும். 22 காரட்டிலும் கலப்பு மாறினால் நிறம் மாறும். அந்த வேறுபாட்டைப் பார்த்துத்தான் ஒருவர் தன்னிடம் இருக்கும் சங்கிலிக்கு ஏற்ற ஜிமிக்கியைத் தேடுகிறார். அதை அழித்துவிட்டால் அந்தப் படம் அவருக்கு எதற்கும் உதவாது. விற்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது: ஒவ்வொரு அமர்விலும் நிறம் நன்கு தெரிந்த ஒரு 22 காரட் நகையையும் ஒரு 18 காரட் நகையையும் கிரே கார்டோடு சேர்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள். திருத்தி முடித்த பிறகும் அந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு திரையில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் திருத்தத்தைத் தொடக்கத்திலிருந்து மறுபடி செய்யுங்கள்.

வாங்குபவர்களுக்கு ஒன்று. எவ்வளவு நேர்மையாக எடுத்த படமும் காரட்டைச் சொல்லாது. அதைச் சொல்வது நகையில் பொறித்திருக்கும் ஆறு எழுத்து-எண் கொண்ட HUID குறி. 2023 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் ஹால்மார்க் நகை விற்பனைக்கு அது கட்டாயம். ஜிமிக்கி கைக்கு வந்ததும் அந்த எண்ணை BIS Care செயலியில் போட்டுப் பாருங்கள்.